கூடத்து நாற்காலியிலிருந்து பதம் சொன்ன அம்மாச்சி

எனக்கு 11 வயதாக இருந்தபோது அம்மாச்சிக்கு வலது கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. இடது கண்ணிலும் புரை படர்ந்திருந்தது. அதைச் சில மாதங்கள் கழித்துச் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். புகையும் ஆவியும் எண்ணெய்த் தெறிப்பும் கண்ணில் படக்கூடாது என்பதால், மறுபடி சொல்லும்வரை அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அம்மாச்சி அதற்கு இணங்கினார். ஆனால் சமையலறை வாசலுக்கு நேர் எதிரே கூடத்தில் தன் பிரம்பு நாற்காலியைப் போடச் சொல்லி, கறுப்புக் கண்ணாடி அணிந்தபடி காலையும் மாலையும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது. சுவர் மறைக்கும். இருந்தும் அம்மா தாளிக்கும் ஒவ்வொரு முறையும், "உளுந்தப் போடு", "போதும், அடுப்ப அணை" என்று சரியான நொடியில் குரல் வரும்.

அப்போது எனக்குப் பள்ளி விடுமுறை. பார்க்காமலே எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "பார்த்துத் தாளிக்கிறவ கருக்கித்தான் எடுப்பா ராசா. நிறம் மாறுறது கண்ணுக்குத் தெரியும்போது காரியம் பாதி கைமீறிப் போயிருக்கும். காதும் மூக்கும் அதுக்கு முன்னாடியே சொல்லிடும்" என்றார். பிறகு தன் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். என்னுடைய முதல் ஒரு வாரப் பாடம் அடுப்படியில் நடக்கவில்லை. அந்த முக்காலியில்தான் நடந்தது. அம்மா உள்ளே தாளிப்பார். நான் வெளியே உட்கார்ந்து கேட்பேன். எதையும் செய்ய வேண்டாம், கேட்டதை மட்டும் சொன்னால் போதும்.

முதல் நாள் எனக்குக் கேட்டது 'சடசட' என்ற ஒரே சத்தம்தான். இரண்டு மூன்று நாள்களில் அது ஒரே சத்தம் இல்லை என்பது புரியத் தொடங்கியது. கடுகு எண்ணெயில் விழுந்தவுடன் மிக மெல்லிய ஓர் இரைச்சல் எழும். உற்றுக் கேட்டால்தான் அது காதில் படும். அதன் பின் ஒரு சிறு மௌனம். பிறகு 'பட்' என்று ஒரு கடுகு மட்டும் வெடிக்கும். சற்று இடைவெளிவிட்டு இன்னொன்று. அதற்குப் பிறகு தனித்தனியாக எண்ண முடியாதபடி எல்லாம் ஒன்றுசேர்ந்து படபடவென்று பொரியும். அந்தப் படபடப்பு உச்சத்துக்குப் போய், மெல்லத் தணிந்து, மறுபடியும் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய நிலைக்கு வரும். அம்மாச்சி எனக்குக் கொடுத்த முதல் கணக்கு இந்த எண்ணிக்கைதான். கூட்டமாகப் பொரிந்த கடுகு தணிந்து, ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே மனத்துக்குள் 'ஒன்று' என்று சொல்ல இடம் கிடைக்கிறதே, அப்போதுதான் உளுத்தம்பருப்பைப் போட வேண்டும். கடைசிக் கடுகும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் வெடித்த கடுகு கருகிவிடும். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டால் பாதிக் கடுகு பொரியாமல் தங்கி, சாப்பிடும்போது பல்லில் அகப்பட்டுக் கசக்கும்.

எட்டாம் நாள் கரண்டி என் கைக்கு வந்தது. நீண்ட காம்பு வைத்த, குழிவான இரும்புத் தாளிப்புக் கரண்டி அது. தேங்காய்ச் சட்னிக்குத் தாளிப்பதென்று முடிவாயிற்று. ஏனென்றால் கடுகின் சத்தம், உளுந்தின் வாசம், கறிவேப்பிலையின் சத்தம் ஆகிய மூன்றும் அந்த ஒரு தாளிப்பிலேயே வந்துவிடும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி உடைத்த உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் ஒன்று, சிட்டிகைப் பெருங்காயம், ஓர் இணுக்குக் கறிவேப்பிலை. இவற்றை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே, போடவேண்டிய வரிசையில் ஒரு தட்டில் எடுத்துவைக்கச் சொன்னார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்போதைக்கப்போது எடுத்துப் போடலாம் என்று நான் சொன்னதற்கு, "உன் கை பெட்டிக்குள்ள தேடும்போது காது அடுப்புல இருக்காது" என்றார். உளுந்தைத் தேடும் அந்தச் சில நொடிகளில்தான் கடுகு கருகுகிறது என்பதை அதன் பின் எத்தனையோ சமையலறைகளில் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் அவசரப்பட்டு, எண்ணெய் காய்வதற்கு முன்பே கடுகைப் போட்டுவிட்டேன். கூடத்திலிருந்து உடனே குரல் வந்தது: "எண்ணெய் காயல." நான் கடுகைப் போட்டபோது அந்த மெல்லிய இரைச்சல் எழவில்லை என்பதை வைத்தே அவர் கண்டுபிடித்திருந்தார். காய்ந்த எண்ணெயில் விழும் கடுகு அந்த நொடியே தன் மேல் ஈரத்தை விடும். அதுதான் அந்த இரைச்சல். காயாத எண்ணெயில் அது ஓசையின்றிப் போய் அடியில் படுத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் சூடாகும்போது கடுகுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். கடுகு வெடிப்பதே உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி, போக வழியில்லாமல் தோலைக் கிழிப்பதால்தான். ஈரம் முன்கூட்டியே போய்விட்டால் கிழிக்கும் வேகம் இல்லை. அன்றைய கடுகில் சில மட்டும் சோம்பலாக வெடித்தன; மீதியெல்லாம் வெடிக்காமலே வறண்டு கறுத்தன. பல மாதங்கள் டப்பாவில் கிடந்து உலர்ந்துபோன பழைய கடுகும் இப்படித்தான் மந்தமாகப் பொரியும் என்பதால், அதைக் கேட்கும்போது குறை எண்ணெயிலா கடுகிலா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும்.

அதற்கு அம்மாச்சி சொன்ன வழி எளியது. எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் இரண்டே இரண்டு கடுகைப் போட வேண்டும். அவை சில நொடிக்குள் வெடித்தால் மீதியைப் போடலாம். போட்ட மாத்திரத்தில் வெடித்துக் கரண்டியைவிட்டே பறந்தால் எண்ணெய் மிஞ்சிக் காய்ந்துவிட்டது என்று பொருள். அடுப்பிலிருந்து கரண்டியைத் தூக்கி, பத்து எண்ணும்வரை கையில் வைத்திருந்து, அதன் பிறகுதான் மீதிக் கடுகைப் போட வேண்டும். எண்ணெயிலிருந்து மெல்லிய நீலப்புகை கிளம்பி, தொண்டையில் காறும் ஒரு நெடி வந்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு வேறு எண்ணெய் ஊற்றச் சொல்வார். இதில் அவர் சிக்கனமே பார்த்ததில்லை. புகைந்த எண்ணெயின் காறல் சட்னியில் ஏறினால், தேங்காய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. எனக்கும் இப்போது கிடையாது.

அன்று கெட்டுப்போன தாளிப்பை அவர் உடனே கொட்ட விடவில்லை. ஒரு சிறு தட்டில் அதை எடுத்துவரச் சொல்லி, அடுத்தபடியாக அம்மா சரியாகத் தாளித்ததிலிருந்தும் சில கடுகை எடுத்து, டப்பாவிலிருந்து பச்சைக் கடுகையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக மென்று பார்க்கச் சொன்னார். பச்சைக் கடுகை மென்றதும் முதலில் கசப்பும், சற்றுக் கழித்து மூக்கு வரை ஏறும் காரமும் வந்தன. நன்றாகப் பொரிந்த கடுகில் அந்தக் காரம் இல்லவே இல்லை. கொட்டை வகைகளை வறுத்தது போன்ற ஒரு மணமும், நொறுங்கும் தன்மையும் மட்டும் இருந்தன. வெடிக்காமல் கறுத்தது வெறும் கசப்பு. சிறுத்தாலும் காரம் குறையாது என்று நாம் சொல்லும் கடுகு, தாளித்தபின் எப்படிக் காரமில்லாமல் போகிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. கடுகை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி ஈரத்தோடு சேர்ந்து வேலை செய்வதால்தான் காரம் பிறக்கிறது என்பதையும், கொதிக்கும் எண்ணெயின் சூடு அந்த நொதியை அழித்துவிடுகிறது என்பதையும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாச்சிக்கு நொதி தெரியாது. ஆனால் மாவடுவுக்குக் கடுகை அரைத்துத்தான் போட வேண்டும், பொரித்துப் போட்டால் ஏறாது என்பது தெரியும்.

உளுந்துக்கு வந்தபோதுதான் காது மட்டும் போதாது என்று தெரிந்தது. உளுத்தம்பருப்பு விழுந்தவுடன் எண்ணெயில் 'பொரபொர'வென்று நுரைபோல ஒரு சத்தம் எழும். பருப்பின் ஈரம் போகப்போக அது அடங்கிக்கொண்டே வரும். அந்த அடக்கம்தான் மூக்கைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டிய நேரம் என்று அம்மாச்சி சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் வருவது பச்சைப் பருப்பின் வாடை. ஊறவைத்த உளுந்துக்குள் முகத்தை நீட்டினால் வருமே, கிட்டத்தட்ட அதுபோல. பிறகு சிறிது நேரம் எந்த வாசமும் தனித்துத் தெரியாது, எண்ணெயின் வாசம் மட்டும் இருக்கும். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் பொறுமை இழந்து தீயை ஏற்றுவேன். அதன் பிறகு, ஒரு கதவைத் திறந்தது போல, வறுத்த பருப்பின் இனிய மணம் சட்டென்று வரும். பருப்பில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று சேரும்போது பிறக்கும் மணம் அது. ரொட்டி சுடும்போதும் காப்பிக்கொட்டை வறுக்கும்போதும் வருவதற்கு நெருங்கிய உறவு.

அந்த மணம் முதன்முதலாக வந்த நொடியில் கரண்டிக்குள் பார்த்தால் பருப்பு வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். எனக்கு அது போதாது என்று தோன்றும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருப்பேன். பொன்னிறம் வந்ததும் அடுப்பை அணைப்பேன். சட்னியில் கொட்டும்போது பருப்பு செம்பழுப்பாகி, ஓரங்கள் கறுத்திருக்கும். மூன்று நாள் தொடர்ந்து இப்படி நடந்தது. நான்காம் நாள் அம்மாச்சி ஒரு சோதனை வைத்தார். வாசம் வந்த நொடியில் 'வந்திருச்சு' என்று கத்த வேண்டும். கத்தியவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகு எதுவும் செய்யாமல் கரண்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கத்தினேன், அணைத்தேன், பார்த்தேன். அணைந்த அடுப்பின் மேல், கைபடாமல், அந்த வெளிர்மஞ்சள் பருப்பு என் கண்ணெதிரே மெல்ல நிறம் ஏறிப் பொன்னிறமாயிற்று.

"தீ அணைஞ்சுது. கரண்டி அணையல" என்றார் அம்மாச்சி.

கனத்த இரும்பு தன் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெயும் அப்படியே. அடுப்பை அணைத்த பிறகும் தாளிப்பு தொடர்ந்து வெந்துகொண்டிருக்கிறது. நிறத்தை நம்பி அணைக்கிறவர், அணைத்தபின் வரப்போகும் சூட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. வாசத்தை நம்பி அணைக்கிறவருக்கு அந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. ஏனென்றால் மணம் நிறத்துக்குச் சில நொடி முன்னால் வருகிறது. காது, மூக்கைப் பற்றி முதல்நாள் அவர் சொன்னதன் பொருள் எனக்கு அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முழுமையாக விளங்கியது. மெல்லிய அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ தாளித்தால் இந்த மிச்சச் சூடு குறைவு. அங்கே மணம் வந்தபின் மூன்று நான்கு நொடி கூடுதலாக அடுப்பில் வைத்தால்தான் அதே நிறம் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் முதல் ஓரிரு முறை இப்படி அணைத்துவிட்டுப் பார்த்து, அது எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

அடுப்பை அணைத்தபின் இருக்கும் அந்தச் சூட்டைத்தான் அம்மாச்சி மற்ற மூன்றுக்கும் பயன்படுத்துவார். மிளகாய் வற்றல் முதலில். அது எண்ணெய் பட்டதும் உப்பி, நிறம் சற்று ஆழ்ந்து, இனிப்புக் கலந்த ஒரு காரவாசம் தரும். தீயின் மேல் இருக்கும்போதே போட்டால் ஒரு கணத்தில் கறுத்து, வீடு முழுவதும் கமறி, எல்லோரும் இருமத் தொடங்குவார்கள். அடுத்து பெருங்காயம். எங்கள் வீட்டில் அப்போது கட்டிப் பெருங்காயம்தான். அதில் மிளகளவு கிள்ளி எண்ணெயில் போட்டால், மெல்லக் கொதித்து உப்பிப் பொரியும். டப்பாவைத் திறக்கும்போது மூக்கைத் திருப்ப வைக்கும் அந்த வன்மையான நெடி, எண்ணெயில் கரைந்ததும் வதக்கிய வெங்காயமும் பூண்டும் சேர்ந்தது போன்ற மணமாக மாறிவிடும். நெடி மணமாக மாறும் அந்தத் திருப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். கட்டிக்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அம்மாச்சி சில சமயம் அதை உளுந்துக்கு முன்பே, எண்ணெய் காயும்போதே போட்டுவிடுவார். தூள் பெருங்காயத்தில் மாவும் பிசினும் கலந்திருப்பதால் அது அப்படிக் காத்திருக்காது. அணைந்த எண்ணெயில் போட்டு ஒரு மூச்சு விடுவதற்குள் அடுத்ததைப் போட்டாக வேண்டும். தாமதித்தால் பெருங்காய மணத்தோடு கருகிய மாவின் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

கறிவேப்பிலைதான் கடைசி. அதைப் பற்றிய பாடம் என் இடது மணிக்கட்டில் சின்னத் தழும்பாக இன்னும் இருக்கிறது. அப்போதுதான் கழுவிய இணுக்கை உதறாமல், உருவி அப்படியே போட்டேன். எண்ணெய் சீறித் தெறித்தது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் நீர்த்துளி நொடியில் ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. தெறிப்பது நீர் அல்ல, எண்ணெய். அம்மா ஓடிவந்து என் கையைக் குழாயடியில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று முதல், கறிவேப்பிலையைத் தாளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பாகவே கழுவித் துணியில் பரப்பிவிடுவது என் வழக்கமாயிற்று. துடைத்த இலையிலும் அதன் உள்ளீரம் இருக்கும். அது போட்டதும் சடசடவென்று பொரிந்து, சில நொடிகளில் சத்தம் இறங்கிக்கொண்டே போய் அடங்கும். சத்தம் முழுவதும் நின்றால் இலை மொறுமொறுவென்று ஆகிவிட்டது என்று பொருள். நிறமும் மணமும் அப்போது சற்றுக் குறைந்திருக்கும். சட்னிக்குச் சத்தம் பாதி இறங்கும்போதே கொட்டிவிட வேண்டும் என்பார். எண்ணெயில் பாதியும் சட்னியின் ஈரத்தில் பாதியுமாக இலை தன் மணத்தை விட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கொட்டும்போதும் ஒரு சத்தம் உண்டு. சூடான தாளிப்பு ஈரமான சட்னியில் விழும்போது 'சொய்ங்' என்று எழ வேண்டும். அது எழாமல் எண்ணெய் சும்மா வழிந்து இறங்கினால் தாளிப்பு ஆறிவிட்டது. சட்னியின் மேல் எண்ணெய் தனியாக நிற்கும், மணமும் உள்ளே இறங்காது. கூடத்திலிருந்து அம்மாச்சி காத்திருந்ததும் அந்தச் சத்தத்துக்காகத்தான். அது கேட்டபிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தயிர்சாதத்துக்கு மட்டும் இந்த விதியை அவரே மாற்றுவார். சூட்டோடு கொட்டினால் தயிர் திரிந்து போகும் என்று, தாளிப்பைச் சற்று ஆறவிட்டுத்தான் சேர்ப்பார்.

எல்லாப் பொருளுக்கும் காது உதவுவதில்லை. சீரகம் வெடிக்காது. எண்ணெயில் போட்டதும் அதைச் சுற்றிக் குமிழ்கள் எழும், பத்து நொடிக்குள் மணம் வந்துவிடும், அதற்கு மேல் வைத்தால் கசக்கும். கடுகோடு சேர்த்துச் சீரகத்தைப் போடுகிறவர்கள் கடுகு பொரிந்து முடியும்போது சீரகத்தைக் கருக்கியிருப்பார்கள். வெந்தயம் இன்னும் கடினம். அது சத்தமே போடாது. அதன் மணம் இனிமையாகத் தொடங்கி, கசப்பான நெடியாக மாறும் இடைவெளி மிகக் குறுகியது. அதனால் வத்தக்குழம்புக்குத் தாளிக்கும்போது மட்டும் அம்மாச்சி என்னைக் கண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். வெந்தயம் இலேசாகச் சிவந்த உடனே அடுத்ததைப் போட்டு எண்ணெயின் சூட்டைத் தணிக்க வேண்டும். சளி பிடித்திருக்கும் நாள்களில் என்னை உளுந்து தாளிக்க விடமாட்டார். மூக்கு அடைத்தவன் உளுந்து போடாத ரசத்துக்குத் தாளிக்கட்டும், அதில் காதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்பது அவர் ஏற்பாடு.

இன்று என் சமையலறையில் புகைபோக்கி விசிறி இருக்கிறது. தாளிக்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு அதை நிறுத்திவிடுகிறேன். குக்கர் விசில் வரும் நேரத்தையும் மிக்ஸி ஓடும் நேரத்தையும் தவிர்க்கிறேன். விசிறி ஓடும்போது கடுகின் படபடப்பு கேட்கும், ஆனால் அது தணிவது கேட்காது. உளுந்தின் மணமோ நம் மூக்குக்கு வருவதற்குள் குழாய் வழியே வெளியே போய்விடும். அகலமான தட்டை வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் மெல்லப் படலமாகப் பரவிவிடுவதால் கடுகு அதில் மூழ்காமல் ஒரு பக்கம் மட்டும் சுடும். வாணலியை ஒரு பக்கமாகச் சாய்த்து, எண்ணெயை ஓரிடத்தில் தேங்கவிட்டு, அந்தக் குட்டையில் கடுகைப் போட்டால் சத்தம் மறுபடியும் அந்த இரும்புக் கரண்டியில் கேட்டது போலவே ஒழுங்காக வருகிறது. வாணலி சாய்ந்தால் சூடு நின்றுவிடும் மின்காந்த அடுப்பில் இது ஒத்துவராது. அதற்கு அடி தட்டையான, அந்த அடுப்பு ஏற்கும் அளவில் சிறிய, ஆழமான பாத்திரம் வேண்டும்.

அந்த விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒருநாள் மாலை, அம்மா வெளியே போயிருந்தார். ரசம் கொதி கூடி நுரைத்து நின்றது. அதை இறக்கி வைத்துவிட்டுத் தாளிக்கப் போகிறேன் என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னேன். சரி என்றுகூடப் பதில் வரவில்லை. ஒரு தேக்கரண்டி நெய்யை ஊற்றினேன். இரண்டு கடுகைப் போட்டுப் பார்த்தேன், வெடித்தன. மீதியைப் போட்டேன். மெல்லிய இரைச்சல், மௌனம், ஒன்று, இன்னொன்று, பிறகு கூட்டம். கூட்டம் தணிந்து, நடுவே 'ஒன்று' சொல்ல இடம் கிடைத்ததும் சீரகத்தைப் போட்டேன். மணம் எழுந்த நொடியில் அடுப்பை அணைத்தேன். மிளகாய், பெருங்காயம், துடைத்து வைத்த கறிவேப்பிலை. சத்தம் பாதி இறங்கியதும் ரசத்தில் கொட்டினேன். 'சொய்ங்' என்றது. ஆவியோடு மணம் போய்விடாதபடி உடனே தட்டைப் போட்டு மூடினேன். இவ்வளவு நேரமும் கூடத்திலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"கட்டி தீந்துபோச்சா ராசா? இன்னைக்குத் தூள் போட்டிருக்க" என்றார்.

"ஆமா அம்மாச்சி. கருகின வாடை வருதா?"

"இல்ல. அது வந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒரு டம்ளரில் ரசம் கொண்டுவரச் சொன்னார்.